அந்த மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

நான்கு நாள் முன்பு எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு வந்தது. வங்கி மூழ்கினால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு, அதை 25 லட்சமாக உயர்த்த வேண்டும் என்று கோரிக்கை. மளமளவென்று எல்லோரும் பெயர் போட்டார்கள். நான் போடவில்லை. "பிள்ளைகள் நல்லா சம்பாதிக்கிறாங்க, சாருக்கு என்ன கவலை" என்று ஒருவர் எழுதினார். ஒரு டீச்சர் போனிலேயே கோபித்துக்கொண்டார். அவர்களுக்கான பதில் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வைப்புத்தொகைக் காப்பீடே வேண்டாம் என்பவன் அல்ல நான். அப்படிச் சொல்பவர்கள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதில்லை என்றுதான் நினைக்கிறேன். நம்மில் பலர் நின்றிருக்கிறோம். "இன்னைக்கு பாதி பேருக்குத்தான் வருமாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், விடிகாலை 4 மணிக்கே கேன்கள் வரிசை கட்டிவிடும். அந்தப் பேச்சு பொய்யாக இருந்தாலும் வரிசை நிஜம். எல்லோரும் ஓடும்போது நிதானமாக இருப்பவனுக்குத்தான் எண்ணெய் கிடைக்காது.

வங்கியும் இதேதான். நாம் போட்ட பணம் பெட்டியில் இல்லை. வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் வெளியே போய்விட்டது. திரும்பி வர வருடங்கள் ஆகும். நாம் கேட்டால் மட்டும் உடனே தர வேண்டும். ஆகவே எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியும் விழும். முதலில் போனவனுக்கு முழுப் பணம், கடைசியில் போனவனுக்குக் கைவிரிப்பு. இது தெரிந்த எவனும் ஓடத்தான் செய்வான். அது முட்டாள்தனம் இல்லை, கணக்கு.

"நீ கடைசியில் வந்தாலும் உன் பணம் உண்டு" என்று உறுதி கொடுத்துவிட்டால் ஓட வேண்டிய காரணமே போய்விடுகிறது. அமெரிக்காவில் 1933இல் ஏறத்தாழ 4,000 வங்கிகள் மூடப்பட்டன. 1934 ஜனவரியில் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு விழுந்த காப்பீடு பெற்ற வங்கிகள் வெறும் 9. நம் நாட்டில் 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1962 ஜனவரி முதல் தேதி காப்பீடு வந்தது. அன்று உச்சவரம்பு 1,500 ரூபாய். 1993இல் 1 லட்சம், 2020 பிப்ரவரியில் 5 லட்சம். 2021இல் சட்டத்தைத் திருத்தி, ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை போட்டால் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கொடுக்க வழி செய்தார்கள். எல்லாம் நல்ல காரியங்கள்.

அப்புறம் என்ன பிரச்சினை? பிரச்சினை நான்தான். என் கதையையே சொல்கிறேன்.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சத்தை எங்கே போடலாம் என்று அலைந்தேன். ஒரு சிறிய வங்கியில், மற்ற இடங்களைவிட ஒன்றேகால் சதவீதம் கூடுதல் வட்டி. அங்கிருந்த தம்பி சொன்னார்: "நாலரை லட்சம் போடுங்க சார். வட்டியும் சேர்ந்து அஞ்சுக்குள்ள நிக்கணும். அதுவரைக்கும் கேரண்டி." போட்டேன். அந்த வங்கி யாருக்குக் கடன் கொடுக்கிறது, அதில் எவ்வளவு வாராக்கடன், ஏன் இவர்கள் மட்டும் இவ்வளவு வட்டி தருகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டேனா? இல்லை. நாற்பது வருடம் பிள்ளைகளைக் "கேள்வி கேள்" என்று சொன்ன வாத்தியார், தன் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியத்தைக் காப்பீடு எடுத்துவிட்டது.

பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு மாரல் ஹஸார்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆபத்து அடுத்தவன் தலையில் என்றால் நம் கை தாராளமாகிவிடும், அவ்வளவுதான் அர்த்தம்.

நான் கேள்வி கேட்காததால் லாபம் யாருக்கு? வங்கி நடத்துகிறவருக்கு. இதற்குப் பெரிய பாடம் 1980களில் அமெரிக்காவில் நடந்தது. அங்கே வீட்டுக் கடன் கொடுக்கும் சேமிப்பு–கடன் சங்கங்கள் இருந்தன. குறைந்த வட்டிக்கு 30 வருடக் கடன் கொடுத்துவிட்டு, நாட்டில் வட்டி எகிறியதும் மாட்டிக்கொண்டன. வாங்கும் வட்டியைவிடக் கொடுக்கும் வட்டி அதிகம். நூற்றுக்கணக்கான சங்கங்கள் உள்ளுக்குள் திவால். உடனே மூடியிருக்க வேண்டும். ஆனால் மூடினால் மக்களுக்குக் கொடுக்கக் காப்பீட்டு நிதியில் அவ்வளவு பணம் இல்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு நடக்க விட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து, 1980இல், காப்பீட்டு வரம்பை 40,000 டாலரிலிருந்து 1 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். 1982இல் இஷ்டப்படி கட்டடத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கவும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அங்கே ஒரு முதலாளியின் மூளை எப்படி வேலை செய்திருக்கும்? கரும்பலகையில் போடுவதுபோல் போடுகிறேன். மக்களுக்குத் தர வேண்டியது 100 ரூபாய். கையில் இருக்கும் சொத்து 97. அதாவது 3 ரூபாய் ஓட்டை, முதலாளியின் சொந்தப் பணம் ஏற்கெனவே கரைந்துவிட்டது. ஒழுங்காக நடத்தினால் ஓட்டை அப்படியே இருக்கும். அவருக்கு ஒன்றும் கிடைக்காது. சரி, 20 ரூபாயை எடுத்து ஒரு சூதாட்டமான கட்டடத் திட்டத்தில் போடுகிறார். ஜெயித்தால் 20 லாபம். 3 ரூபாய் ஓட்டையை அடைத்துவிட்டு 17 ரூபாய் அவருக்கு. தோற்றால் 20ம் போய்விடும், ஓட்டை 23 ஆகும். அந்த 23ஐ யார் கட்டுவது? காப்பீட்டு நிதி. ஜெயித்தால் எனக்கு, தோற்றால் ஊருக்கு. இப்படி ஒரு ஆட்டம் கிடைத்தால் யார் ஆடமாட்டார்கள்?

ஆடுவதற்குப் பணம் வேண்டுமே. ஓட்டை விழுந்த சங்கத்தில் யார் பணம் போடுவார்கள்? காப்பீடு இல்லையென்றால் யாரும் போடமாட்டார்கள். காப்பீடு இருந்ததால், கூடுதல் வட்டி என்று போர்டு மாட்டியதும் பணம் கொட்டியது. பெரும்பணத்தை 1 லட்சம் டாலர் துண்டுகளாக வெட்டி ஊர் ஊராகப் போட்டுக் கொடுக்கத் தரகர்களே இருந்தார்கள். என் நாலரை லட்சக் கதைதான், பெரிய அளவில். முடிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் மூடப்பட்டன. காப்பீட்டு நிதியே திவாலானது. மக்களின் வரிப்பணத்தில் சுமார் 12,400 கோடி டாலர் போனது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1962 முதல் நீண்ட காலம் ஒரே விகிதப் பிரீமியம்தான் இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அது 100 ரூபாய் வைப்புக்கு வருடத்துக்கு 12 பைசாவாக இருந்தது. 5 லட்சத்துக்கு 600 ரூபாய். ஒழுங்காகக் கடன் கொடுக்கும் வங்கிக்கும் 600, கண்டவனுக்கு அள்ளிக் கொடுக்கும் வங்கிக்கும் 600. சைக்கிளுக்கும் பிரேக் இல்லாத லாரிக்கும் ஒரே இன்சூரன்ஸாக இருந்தது. பிரீமியத்தில் பெரும்பகுதியைக் கட்டுவது பெரிய வணிக வங்கிகள். இழப்பீடு பெரும்பாலும் போவது விழுந்த கூட்டுறவு வங்கிகளுக்கு. பொறுப்பானவன் பொறுப்பில்லாதவனுக்குப் படியளக்கிறான்.

2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இதை மாற்றப்போவதாக அறிவித்தது. 2026-27 நிதியாண்டிலிருந்து வங்கியின் நிலைமையைப் பார்த்துப் பிரீமியம், நல்ல வங்கிக்குக் குறைவு. வரவேற்கிறேன். ஆனால் அதோடு நிம்மதியாகிவிட முடியாது. மும்பையின் பி.எம்.சி. வங்கியை நினைத்துப் பாருங்கள். கடன்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,000க்கும் மேல் போலிக் கடன் கணக்குகள். ஏட்டைப் பார்த்துப் பிரீமியம் போட்டிருந்தால் அந்த வங்கிக்கும் சலுகை கிடைத்திருக்கும்! 2019 செப்டம்பரில் உண்மை வெளியே வந்தபோது, 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கதவில் எழுதி ஒட்டினார்கள். அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் வரம்பு 5 லட்சமானது. வரம்பு மட்டும்.

"வரம்பு இருந்தால் பெரிய பணக்காரர்கள் வங்கியைக் கண்காணிப்பார்கள், அது போதும்" என்றும் சிலர் சொல்கிறார்கள். அதையும் நான் நம்பவில்லை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்ட பணம் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. அந்தப் பெரிய மனிதர்கள் கண்காணிக்கவில்லை. கடைசி நாளில் ஓடினார்கள். ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. அரசு பயந்துபோய் எல்லோருக்கும் முழுப் பணம் என்று அறிவித்தது.

பணம் போட்டவனைக் காவலாளியாக்க முடியாது, அவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே நடப்பது தெரிந்தவர் முதலாளியும் நிர்வாகமும். வலி அங்கே விழ வேண்டும். நம் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பரில் என்ன நடந்தது? வேறொரு வங்கியோடு இணைத்தார்கள். பணம் போட்டவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பங்குதாரர்களின் பங்கு மொத்தமும் பூஜ்ஜியம். அதில் பங்கு வைத்திருந்த சாதாரண மக்களுக்கு வலித்தது, எனக்குத் தெரியும். ஆனால் வரிசை அதுதான். லாபத்தில் பங்கு கேட்டவர் நஷ்டத்தில் முதலில் நிற்க வேண்டும்.

"25 லட்சம் வைத்திருக்கும் டீச்சர் என்ன செய்வது" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வரம்பு ஒரு வங்கிக்கு, ஒருவருக்கு என்ற கணக்கு. ஒரே வங்கியின் ஐந்து கிளைகளில் பிரித்துப் போட்டாலும் அது ஒரே 5 லட்சம்தான். ஐந்து வெவ்வேறு வங்கிகளில், வட்டியும் சேர்ந்து ஐந்தைத் தாண்டாதபடி போட்டால் ஏறத்தாழ மொத்தமும் பத்திரம். அலைச்சல்தான், ஆனால் வழி இருக்கிறது.

வரம்பை உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலைவாசி ஏறுகிறது, உயரட்டும். ஆனால் அந்த மனுவில் இன்னும் மூன்று வரி சேருங்கள். ஆபத்தாக நடத்தும் வங்கி கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். ஏட்டை நம்பாமல் கடனை நேரில் சோதித்து, முதலாளியின் பணம் கரைவதற்கு முன்பே வங்கியைக் கையில் எடுக்க வேண்டும். வாராக்கடன் எவ்வளவு, ரிசர்வ் வங்கியின் தடை ஏதும் உண்டா என்பதை, வட்டி விகிதம் எழுதும் அதே போர்டில், அதே அளவு எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த மூன்றும் இல்லாமல் வரம்பை மட்டும் ஐந்து மடங்காக்கினால், என்னைப் போன்றவன் நாலரை லட்சத்துக்குப் பதில் இருபத்துநாலு லட்சத்தைக் கேள்வி கேட்காமல் கொண்டுபோய்க் கொடுப்பான். மூன்று வரியையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

திட்ட விரும்புபவர்கள் கீழே தாராளமாகத் திட்டலாம். கோபித்துக்கொண்ட டீச்சருக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி: என் நாலரை லட்சத்தை முதிர்வு தேதியில் எடுத்துவிட்டேன் டீச்சர். எடுப்பதற்கு முன்புதான் முதன்முறையாக அந்த வங்கியின் ஆண்டறிக்கையைக் கேட்டேன். "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல சார்" என்றார் அந்தத் தம்பி.