விரலில் தசை இல்லை

"தம்பிமார், விரல்ல பலம் இருந்தால் எந்தச் சுவரும் உங்களுக்குச் சின்னன். ரப்பர் பந்தைப் பிசையுங்கோ, விரல் தசை தடிக்கும். நொந்தால் விட்டிடாதேங்கோ. நோகேக்கதான் வளருது."

ரூ லூயி-பிளாங்கில் ஒரு மண்டபத்தில், சுவரேறப் பழகும் நம் பிள்ளைகள் முன்னால் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒருவர் இப்படிப் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இந்த வாசகத்தை ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறேன். 2024 ஒலிம்பிக்கின் ஏறுதல் போட்டிகள் பக்கத்து லு பூர்ஜேயில் நடந்த பிறகு இது இன்னும் உரக்கக் கேட்கிறது. இதில் ஒரு சொல்லும் சரியில்லை. பிள்ளைகளின் கையைக் கெடுக்கிற பேச்சு இது.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை. வலது முன்கையை இடது கையால் பற்றிக்கொண்டு வலது விரல் நுனிகளை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை புரள்வது தெரியும். அங்கே இரண்டு மடக்குத் தசைகள் இருக்கின்றன. மேலே இருக்கும் தசையின் நாண் விரலின் நடு எலும்பில் முடிகிறது. ஆழத்தில் இருப்பதன் நாண், மேல் நாண் பிளந்துவிடும் இடைவெளிக்குள் நுழைந்து, நுனி எலும்பு வரை போகிறது. விரலுக்குள் இருப்பதெல்லாம் எலும்பு, நாண், உறை, நரம்பு, இரத்தக்குழாய், தோல், கொழுப்பு. தடிக்கச் செய்ய அங்கே தசை எங்கே?

பந்து பிசைவதற்கு ஒரு வரி போதும்: பந்து விரலை அசைத்து மடக்கப் பழக்குகிறது, ஏறுகிறவரோ அசையாத விரலில் உடம்பைத் தொங்கவிடுகிறார்.

அந்த மண்டபத்தில் யாருமே வாயெடுக்காத பொருளுக்கு வருகிறேன். முன்கைத் தசை இழுக்கும்போது நாண் எலும்பைவிட்டு எழும்பி, மடங்கிய விரலின் குறுக்கே நேர்கோடாக நிற்கத்தான் பார்க்கும். அதை எலும்போடு பிடித்து வைப்பவை கப்பிகள், அதாவது நாணின் மேலால் வளைந்து எலும்பின் இரு பக்கமும் பற்றிய நார்ப் பட்டைகள். தூண்டில் தடியில் நூல் ஓடும் வளையங்கள் செய்யும் அதே வேலைதான். அடியிலிருந்து நுனிவரை ஏ1 முதல் ஏ5 வரை ஐந்து இருக்கின்றன. சுமையைத் தாங்குவதில் பெரியவை இரண்டு: அடி எலும்பின் மேலுள்ள ஏ2, நடு எலும்பின் மேலுள்ள ஏ4. பாரிஸ் சுவர்களில் யாராவது "பூலி போச்சு" என்றால் பெரும்பாலும் ஏ2தான் போயிருக்கும்.

இவற்றின் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பதைத் தசையின் பலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாண் எவ்வளவு திரும்புகிறது என்பதும் தீர்மானிக்கிறது. ரெக்லெத் என்று இங்கே சொல்லும் ஒரு விரற்கணு அகல விளிம்பை ஆர்க்கே பிடியில் பிடித்தால் நடு மூட்டு தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கும், நுனி மூட்டு பின்னுக்கு வளையும். ஏ2இன் நுனி விளிம்பிலும் ஏ4இன் அடி விளிம்பிலும் நாண் திரும்பியாக வேண்டும். தொண்ணூறு பாகையை இரண்டும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் நாற்பத்தைந்து. அப்போது நாணின் இழுவையில் முக்கால் பங்குக்கும் சற்று மேல் ஏ2வைப் பிய்க்கப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது கிலோ உள்ள பையன். கால்கள் பாதியைத் தாங்கினால் இரண்டு கைகளுக்கும் சேர்த்து முப்பது, ஒரு கைக்குப் பதினைந்து. மோதிர விரலுக்கு ஐந்து கிலோ என்று வையுங்கள். மூட்டுக்கும் நாணுக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு என்பதால் நாண்கள் நுனிச் சுமையைவிடப் பல மடங்கு இழுக்க வேண்டும். குறைத்து இரண்டரை மடங்கு என்றே எடுப்போம். அப்படியானால் பன்னிரண்டரை கிலோ. ஏ2க்கு ஏறக்குறைய ஒன்பதரை. இது சாதாரண சுமை. இப்போது கால் வழுக்குகிறது, மறு கையும் அடுத்த பிடியைத் தேடி விட்டுவிட்டது. அறுபது கிலோவும் ஒரு கையில். மோதிர விரலுக்கு இருபது, நாணுக்கு ஐம்பது, ஏ2க்குக் கிட்டத்தட்ட முப்பத்தெட்டு கிலோ. இறந்தவர்களின் கைகளில் இழுத்துப் பார்த்த சோதனைகளில் ஏ2 அறுந்தது சுமார் 400 நியூட்டனில், அதாவது நாற்பது கிலோவை ஒட்டி. உடம்பு வெட்டி விழும் உதறலை நான் இன்னும் கூட்டவே இல்லை.

அதே பையன் நடு மூட்டை ஏறக்குறைய நேராக வைத்து, தாந்து பிடியில் தொங்கியிருந்தால் என்ன ஆகும்? திரும்பல் குறையக் குறைய ஏ2வின் சுமையும் சரிந்துவிடுகிறது. 2006இல் கிரெனோபிள் ஆய்வாளர் விகுரூவும் கேனும், அங்கேயுள்ள கை அறுவை மருத்துவர் மூத்தே உள்ளிட்டோரும் சேர்ந்து கணித மாதிரி ஒன்றில் பார்த்தார்கள். தாந்து பிடியில் ஏ2வின் மேல் வரும் விசை ஆர்க்கே பிடியைவிட 36 மடங்கு குறைவு, ஏ4இல் 4 மடங்கு குறைவு. ஒரே கை, ஒரே தசை, மூட்டின் மடிப்பு மட்டும் வேறு. விரல் பலம்தான் எல்லாம் என்றவர் இதற்கு என்ன சொல்வார்?

இதிலிருந்தே அந்தப் பேச்சின் பெரிய ஆபத்தும் புரியும். முன்கைத் தசை சில வாரங்களிலேயே பலம் கூட்டிக்கொள்ளும். கப்பி போன்ற நார்த் திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது மாதங்களாய், ஆண்டுகளாய்த்தான் தடிக்கும். நம் கடைகளில் அரிசி மூட்டை தூக்கித் தூக்கி முன்கை திரண்ட ஓர் இளைஞனை எனக்குத் தெரியும். ஏறத் தொடங்கிச் சில மாதங்களிலேயே ரெக்லெத்தில் ஆர்க்கேயாகத் தொங்கினான். கால் நழுவியது. பக்கத்தில் நின்றவருக்கே கேட்கும்படி டக்கென்று ஒரு சத்தம், மோதிர விரல் அடியில் நோவு, மாலைக்குள் வீக்கம். தசை ஈடுகொடுத்தது, கப்பி கொடுக்கவில்லை. அல்ட்ராசவுண்ட் வைத்து, விரலை மடக்கி அழுத்தச் சொன்னார்கள். நாணுக்கும் எலும்புக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் கப்பி அறுந்திருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். அவனுக்குத் தாண்டியிருந்தது. ஒரு கப்பி மட்டும் அறுந்தால் பொதுவாகக் கத்தி வைப்பதில்லை. பிளாஸ்டிக் வளையம் போட்டு நாணை எலும்போடு அழுத்தி வைத்து, மெல்ல மெல்லச் சுமை கூட்டுவார்கள். முழுச் சுமைக்குத் திரும்பச் சுமார் மூன்று மாதம். பல கப்பிகள் சேர்ந்து அறுந்தால்தான் அறுவை சிகிச்சை.

"நோகேக்கதான் வளருது" என்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கைதட்டியவர்களில் பாதிப்பேர் பதினைந்து வயதைத் தாண்டாதவர்கள். அந்த வயதில் கப்பியைவிட முன்னால் முறிவது நடு எலும்பின் அடியிலுள்ள வளர்ச்சித் தட்டு. ஆர்க்கே பிடி அந்த மூட்டின் முதுகுப் பக்கத்தை நசுக்குகிறது. சத்தம் வராது, விழுந்த நாளும் நினைவிருக்காது. நடு விரலின் நடு மூட்டு, மேல் பக்கம், வாரக்கணக்கில் நோகும், அவ்வளவுதான். அதைத் தாங்கிக்கொண்டு தொங்குகிற பிள்ளைக்கு விரல் கோணலாகவே வளரக்கூடும். நோவு உள்ளங்கைப் பக்கம் விரலடியில் என்றால் கப்பியைப் பாருங்கள். முதுகுப் பக்கம் நடு மூட்டில் என்றால், வளரும் வயதுப் பிள்ளையை வளர்ச்சித் தட்டைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முதல் எக்ஸ்ரே தெளிவாக வந்தாலும் நோவு போகாவிட்டால் எம்ஆர்ஐ கேளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பிள்ளை சுவரில் கை வைக்கக் கூடாது.