25,000 ரூபாய்க்கு எவ்வளவு இசை?

ஒக்கலிபுரத்து வாடகை அறையிலிருந்து ஒரு இளம் இயக்குனர், இசையமைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடக் குறும்படம், 9 நிமிடம் இசை, தரக்கூடியது 25,000 ரூபாய். "பட்ஜெட் அவ்வளவுதான் சார், படம் ஓடினா பார்த்துக்கலாம்" என்று கடிதம் முடிந்தால் சிக்கல் அங்கேயே ஆரம்பம். தொகை சிறியது என்பதல்ல பிரச்னை. அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கிறது என்பது அதில் இல்லை.

காசு கொடுத்தவருக்கே மெட்டு சொந்தம் என்ற நினைப்பு பழையது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நிலைமை வேறு. படத்தில் சேர்ந்தாலும் மெட்டின் உரிமை போட்டவரிடமே இருக்கும். அது வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு வாங்க வேண்டும். மின்னஞ்சலில் பேசி முடிக்கலாம். பிறகு ஒரு பக்கத் தாளில் கையெழுத்தும் போட்டுக்கொள்வது நல்லது.

எழுதி வாங்கினாலும், விட்டுப்போனதைச் சட்டம் தானே நிரப்பிக்கொள்ளும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். நம் இயக்குனரின் படத்தை ஏழாவது ஆண்டில் ஓர் ஓடிடி நிறுவனம் கேட்டு, சிங்கப்பூரிலும் காட்ட நினைத்தால், இசைக்கான தாள் எங்கே என்று கேட்பார்கள். அதற்குள் இசையமைப்பாளருக்குப் பெயர் வந்திருந்தால் பேரமும் வேறு மாதிரி இருக்கும்.

ஆகவே கடிதம் இப்படிப் போகலாம்: "மெட்டின் உரிமை உங்களுடையதே. இந்தப் படத்திலும் அதன் டிரெய்லரிலும், உலகெங்கும், பதிப்புரிமை உள்ள காலம் வரை பயன்படுத்த அனுமதி வேண்டும். விளம்பரத்துக்கோ வேறு படத்துக்கோ உபயோகிக்க மாட்டோம். படம் வெளியான 6 மாதத்துக்குப் பின் நீங்கள் ஆல்பமாக வெளியிடலாம். பாதித் தொகை முன்பணம், மீதி இசையை ஒப்படைக்கும்போது. திருத்தம் இரண்டு முறை." சின்னத் தொகைக்குக் கேட்பதும் சின்னதாக இருப்பதால், மறுப்பதற்குக் காரணம் குறைவு.

"இனி எந்த ராயல்டியும் கோர மாட்டேன்" என்ற வரியைச் சிலர் பழக்கதோஷத்தில் சேர்க்கிறார்கள். அது செல்லாது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதற்கு வெளியே, மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை இசையமைப்பாளரே விரும்பினாலும் விட்டுத்தர முடியாது.

பலரும் மறப்பது ஒலிப்பதிவை. மெட்டு வேறு, பதிவான ஒலி வேறு. பதிவை முன்னின்று, பொறுப்பேற்று நடத்தியவரே அதன் உரிமையாளர். வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் செலவில் வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் இசையமைப்பாளர், அந்தப் பதிவு தன்னுடையது என்று சொல்ல நியாயம் உண்டு. வயலின்காரருக்கு யார் பணம் தருவது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். 25,000க்குள்ளா, தனியாகவா?