பிழை சந்தையிலா, சமன்பாட்டில் இட்ட விலையிலா?

நிஃப்டி ஆப்ஷன்களைப் பற்றிய மாணவர் ஆய்வேடுகளில் ஒரு முடிவு அடிக்கடி தென்படுகிறது: 'புட்–கால் சமநிலை மீறப்படுகிறது, ஆகவே ஆப்ஷன்கள் தவறாக விலையிடப்பட்டுள்ளன.' இம்முடிவுகளுள் பல சந்தையின் பிழையைக் காட்டவில்லை. சமன்பாட்டில் இடப்பட்ட விலையின் பிழையையே காட்டுகின்றன.

ஹான்ஸ் ஸ்டோல் 1969இல் முறைப்படுத்திய இச்சமநிலையின் உட்பொருள் எளிது. ஒரே ஸ்ட்ரைக் விலையும் ஒரே முடிவு நாளும் கொண்ட கால் ஒன்றை வாங்கி, புட் ஒன்றை விற்றவர், முடிவு நாளில் சந்தை எங்கே நின்றாலும் ஸ்ட்ரைக் விலைக்கு வாங்கியவராகவே ஆகிறார். விலை ஏறினால் கால் பயன்படும். இறங்கினால் விற்ற புட் அவரைக் கட்டாயப்படுத்தும். இதுவே செயற்கைப் பங்கு நிலை. எனவே ஈவுத்தொகை இல்லாதபோது,

C − P = S − PV(K)

என்பது பொருந்த வேண்டும். C, P என்பன கால், புட் பிரீமியங்கள். S இன்றைய விலை. PV(K) ஸ்ட்ரைக் தொகையின் இன்றைய மதிப்பு. முடிவு நாளில் மட்டும் செயல்படுத்தத்தக்க ஐரோப்பிய வகை ஆப்ஷன்களுக்கே இது சமன்பாடாக நிற்கும். நிஃப்டி ஆப்ஷன்கள் அவ்வகையின. தேசியப் பங்குச் சந்தையில் தனிப்பங்கு ஆப்ஷன்கள் 2011 வரை அமெரிக்க வகையாக இருந்தன. அதற்கு முந்தைய தரவில் இச்சமன்பாட்டை அப்படியே பொருத்துவது முதற்பிழை.

இனி ஓர் எடுத்துக்காட்டு. குறியீடு 24,000, ஸ்ட்ரைக் 24,000, முடிவுக்கு 30 நாள், வட்டி ஆண்டுக்கு 6.5 விழுக்காடு எனக் கொள்வோம். ஸ்ட்ரைக்கின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 23,872. ஆகவே காலுக்கும் புட்டுக்கும் இடையே 128 புள்ளி வேறுபாடு இருக்க வேண்டும். சந்தையில் கால் 330, புட் 250. வேறுபாடு 80 மட்டுமே. எஞ்சிய 48 புள்ளியைக் கண்ட மாணவர், 'கால் மலிவு, புட் மிகைவிலை' என்று எழுதிவிடுகிறார்.

அந்த 48 புள்ளியை ஈட்ட ஒருவர் என்ன செய்ய வேண்டும்? காலை வாங்கி, புட்டை விற்று, குறியீட்டின் 50 பங்குகளையும் கடன் வாங்கி விற்க வேண்டும். நம் நாட்டில் ரொக்கச் சந்தையில் விற்ற பங்கை அன்றே ஒப்படைக்க வழியில்லாதவர், மறுநாளுக்கு அந்நிலையைக் கொண்டுசெல்ல இயலாது. பங்குக் கடன் ஏற்பாடு உண்டு. ஆனால் அதில் ஆழம் குறைவு. கடன் கிடைத்தாலும், இடையில் வரும் ஈவுத்தொகையைப் பங்கின் உரிமையாளருக்குச் செலுத்தியாக வேண்டும். நிஃப்டி விலைக்குறியீடு, வழக்கமான ஈவுத்தொகைக்காக அது திருத்தப்படுவதில்லை. நிறுவனங்கள் ஈவுத்தொகையைப் பெருமளவில் வழங்கும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலத்தில் 48 புள்ளி வியப்புக்குரியதன்று.

ஆகவே நோக்க வேண்டியது அதே நாளில் முடியும் ஃபியூச்சர்ஸ் விலை. அது 24,080 எனில், ஸ்ட்ரைக்கிலிருந்து அதன் தொலைவு 80. அதன் இன்றைய மதிப்பு 79.6. சந்தையில் நிலவும் வேறுபாடு 80. 'மீறல்' மறைந்துவிட்டது. ஈவுத்தொகையும் கடன் வாங்கும் அருமையும் ஃபியூச்சர்ஸ் விலைக்குள் ஏற்கெனவே அடங்கியுள்ளன; ஆப்ஷன் வணிகர்கள் அவ்விலையைக் கொண்டே தம் நிலைகளைச் சமன்செய்கின்றனர். செயற்கை நிலையின் பலனும் இதையே உறுதிசெய்கிறது: குறியீடு 24,500இல் முடிந்தால் 420 புள்ளி ஆதாயம், 23,500இல் முடிந்தால் 580 புள்ளி இழப்பு. 24,080க்கு ஃபியூச்சர்ஸ் வாங்கியவருக்கும் இவையே கிடைக்கும்.

உண்மையான பிறழ்வு இல்லவே இல்லை என்பது இதன் பொருளன்று. அதே ஃபியூச்சர்ஸ் விலையில் கால்–புட் வேறுபாடு 110 ஆகிவிட்டால், காலை விற்று, புட்டையும் ஃபியூச்சர்ஸையும் வாங்கலாம். ஏறத்தாழ 30 புள்ளி மிஞ்சும். மூன்றும் ஒரே இறுதி விலையில் ரொக்கமாகத் தீர்க்கப்படுவதால் சந்தையின் திசை பொருட்டன்று. ஆனால் விற்பவர் கேட்கும் விலைக்கு வாங்கி, வாங்குபவர் தரும் விலைக்கு விற்றும், பரிவர்த்தனை வரி, தரகு, விளிம்புத்தொகையின் வட்டி ஆகியவற்றைக் கழித்தும் அது எஞ்ச வேண்டும்.

நாளிறுதித் தரவு இங்கே மேலும் ஏமாற்றும். பணத்திற்கு வெகுதொலைவிலுள்ள ஸ்ட்ரைக்கின் கடைசி வர்த்தகம் முற்பகலில் நடந்திருக்கலாம். குறியீட்டின் முடிவு விலையோ மாலைக்குரியது. இரு வேறு நேரத்து விலைகளைக் கழித்துப் பெறும் எண்ணுக்குப் பிறழ்வு என்று பெயரிடுவது நியாயமன்று.

ஆய்வேட்டை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை எழுப்பினால் போதும். ஃபியூச்சர்ஸ் விலையோடு ஒப்பிடப்பட்டதா? விலைகள் ஒரே நேரத்தவையா? செலவு கழிந்தபின் ஏதேனும் எஞ்சியதா? இவற்றுக்கு விடையில்லாத ஆய்வேடு சந்தையின் திறனின்மையை நிறுவவில்லை. அம்முடிவை நம்பித் தம் சேமிப்பைக் கொண்டு புட் விற்கும் மாணவர், குறியீட்டை விற்க இயலாத நிலையில், இடரற்ற ஆதாயம் என எண்ணிச் சந்தை ஏறும் என்ற பந்தயத்தையே கையில் வைத்திருப்பார்.