குளத்துக்கு நிதி கேட்கிறார்கள்... தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டீர்களா?

தி.நகரிலோ அடையாறிலோ இருக்கும் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் குழு முன்னால் ஒரு விண்ணப்பம் வந்து நிற்கிறது. கிராமத்துக் கோயில் குளத்தைச் சீரமைக்க நிதி வேண்டும். உள்ளே என்ன இருக்கும்? தூர்வாருதல், கருங்கல் படிக்கட்டு, சுற்றிலும் கம்பி வேலி, நடைபாதை, விளக்குகள். கூடவே முன்னும் பின்னுமாக இரண்டு படங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குளம் நிரம்புமா என்ற கேள்விக்குப் பல விண்ணப்பங்களில் பதிலே இருக்காது.

இதற்கு ஒரு எளிய கணக்கு போதும். அது இல்லாத விண்ணப்பத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

72 லட்சம் லிட்டர் கணக்கு

கணக்குக்காக ஒரு மாதிரிக் குளத்தை எடுத்துக்கொள்வோம். 60 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். அதில் 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் 7,200 கன மீட்டர், அதாவது 72 லட்சம் லிட்டர் தேவை.

சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1.4 மீட்டர் மழை பெய்கிறது. குளத்து நீர் வெயிலில் ஆவியாவதோ ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை இருக்கும். ஆக, குளத்துக்குள் நேராக விழும் மழை மொத்தமும் வெயிலுக்கே சரியாகப் போய்விடும். 72 லட்சம் லிட்டரும் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

வெறும் தரையில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருகிறது என்று வைத்தால், இந்தக் குளத்துக்கு ஆறு ஏக்கருக்கு மேல் நிலத்தின் நீர் வேண்டும். கூரை என்றால் பெரும்பகுதி மழை கிடைக்கும். 80 சதவீதம் கிடைத்தால் 29 கிரவுண்டு அளவுக்குக் கூரை போதும். மண்ணில் கசியும் அளவைச் சேர்த்தால் இரண்டும் இன்னும் கூடும்.

இப்போது விண்ணப்பத்தைத் திரும்பப் பாருங்கள். அந்த ஆறு ஏக்கர் எங்கே இருக்கிறது? அங்கிருந்து குளத்துக்கு வரும் வரத்துக்கால் திறந்திருக்கிறதா, அல்லது நடுவில் ரோடு போட்டு, மனை பிரித்து அடைத்துவிட்டார்களா? தூர்வாரி ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் கொள்ளளவு கூடும், வரத்து கூடாது. பெரிய டம்ளர் வாங்கியதால் குழாயில் தண்ணீர் அதிகம் வந்துவிடாது இல்லையா?

மதுரை சொல்லும் பாடம்

திருமலை நாயக்கர் காலத்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இதற்கு நல்ல உதாரணம். படிகளும் மைய மண்டபமும் கம்பீரமாக இருந்தும், பல ஆண்டுகள் அது சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடும் மைதானமாகவே கிடந்தது. தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் நிரப்புவார்கள். நிலைமையை மாற்றியது குளத்துக்குள் செய்த வேலை இல்லை. பனையூர் கால்வாய் வழியாக வைகை நீர் வரும் பாதையைச் சரிசெய்த பிறகே குளத்தில் தண்ணீர் நின்றது. பிரச்சினை குளத்துக்கு வெளியே இருந்தது.

பட்ஜெட்டில் எது முதலில்?

முதல் செலவு, அளவெடுப்புக்கு. இது மிகச் சிறிய தொகை, ஆனால் பலரும் எழுதாமல் விடுவது இதைத்தான். குளம் கோயிலுடையது என்றால் இந்து சமய அறநிலையத் துறையின் அனுமதி வேண்டும். வரத்துக்கால் ஓடும் நிலமோ பெரும்பாலும் புறம்போக்காக, வருவாய்த் துறை அல்லது ஊராட்சியின் கையில் இருக்கும். கோயிலின் கடிதம் மட்டும் இருந்தால், கால்வாயில் மண்வெட்டி வைக்க முடியாது. புல வரைபடத்தில் கால்வாயைக் குறித்துக் காட்டி, இரண்டு தரப்பு அனுமதியையும் இணைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வரத்துக்காலும் அதன் வாயில் ஒரு வண்டல் தொட்டியும். சாக்கடை கலக்கிறதா என்று கண்டுபிடிக்க லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மழை பெய்து பல நாள் ஆன பிறகும் தெரு வடிகாலில் தண்ணீர் ஓடினால், அது பெரும்பாலும் சாக்கடைதான். அதை அடைக்காமல் குளத்தோடு இணைத்தால், முதல் ஆண்டே பச்சை நுரையும் செத்து மிதக்கும் மீனும்தான் மிச்சம்.

தூர்வாருவது மூன்றாவதுதான். அதற்கு முன் நாலைந்து இடத்தில் சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். பழைய குளங்களின் அடியில் களிமண் படுகை இருக்கலாம். ஜேசிபி அதைக் கிழித்துக் கீழே இருக்கும் மணலைத் தொட்டுவிட்டால், மழை நின்ற சில வாரங்களில் குளம் காலி. படிக்கட்டு, வேலி, விளக்கு எல்லாம் இதற்குப் பிறகு. மிச்சம் இருந்தால் செய்யலாம்.

கசிவது நஷ்டமா?

இங்கே ஒரு நிஜமான தேர்வு இருக்கிறது. மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர் போன்ற கடலோர மணல் பகுதிகளில் குளத்து நீர் வேகமாக இறங்கும். அடியில் களிமண் பரப்பினால் தைத் தெப்பத்துக்கும் கோடைக்கும் தண்ணீர் நிற்கும், ஆனால் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போவது குறையும். இரண்டையும் முழுசாகத் தருவேன் என்று ஒரு விண்ணப்பம் சொன்னால் நம்ப வேண்டாம். திருவிழாவுக்கு நீரா, நிலத்தடிக்கு நீரா என்பதை ஊர் கூடி முடிவெடுத்ததற்கான தீர்மானம் இருக்க வேண்டும்.

எவ்வளவு கசிகிறது என்று அறிய ஒரு பெயின்ட் டப்பா போதும். படியில் சென்டிமீட்டர் கோடுகள் போட்டு, மழை இல்லாத பத்து நாள் நீர்மட்டத்தைக் குறிக்கலாம். ஒரு நாளைக்கு 15 மில்லிமீட்டர் இறங்குகிறது, அதில் ஆவியாவது 6 என்றால், மீதி 9 மண்ணுக்குள் போகிறது.

எதை வெற்றி என்பது?

‘இத்தனை லோடு வண்டல் அகற்றப்பட்டது’ என்பது செய்த வேலையின் கணக்கு. பலன் வேறு. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மட்டம் எவ்வளவு, சித்திரை முதல் நாள் எவ்வளவு, சுற்றியுள்ள கிணறுகளில் எவ்வளவு என்பதே பலன். குளத்தின் தாக்கம் எட்டாத தூரத்தில் இருக்கும் சில கிணறுகளையும் சேர்த்து அளக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல மழை ஆண்டின் பெருமையைத் திட்டம் எடுத்துக்கொள்ளும். வேலை தொடங்கும் முன்பே ஓராண்டாவது அளந்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

அதனால் நிதியைத் தவணையாகக் கொடுப்பதே சரி. அளவெடுப்புக்கு ஒன்று, வரத்துக்கால் வேலைக்கு ஒன்று, கடைசித் தவணை ஒரு பருவமழையைப் பார்த்த பிறகு. சிஎஸ்ஆர் விதிகள் ஒரு திட்டம் தொடங்கிய நிதியாண்டைத் தவிர மேலும் மூன்று ஆண்டுகள் வரை நீள இடம் தருகின்றன. ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் கால்வாயைச் சுத்தம் செய்யும் கூலியை அந்த ஆண்டுகளுக்கான பட்ஜெட்டிலேயே சேர்க்கலாம்.

மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் வேலியும் விளக்கும் வாங்கப்படுகின்றன. அவை சீக்கிரம் முடியும், போட்டோவில் தெரியும். வரத்துக்கால் போட்டோவில் அழகாக இருக்காது. ஆனால் குளத்துக்குத் தண்ணீர் வரும் வழி அதுதான்.