புயலுக்குப் பின் அனுப்பும் பணமும், புயலுக்கு முன் அனுப்ப வேண்டிய பணமும்



கார்த்திகை மாதத்தில் வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் உருவானால், கார்ஜிலும் லா சப்பலிலும் உள்ள நம் மக்களின் கைபேசிகள் இரவெல்லாம் ஓய்வதில்லை. மறுவாரமே உண்டியல் சுற்றும், பெட்டிகள் கட்டப்படும். அந்தப் பெட்டிகளை அரிசி, பருப்பு, உடனடி நூடில்ஸ் ஆகியவையே நிறைக்கும். கொடுக்கும் மனத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அவற்றைச் சமைக்க நீரும் நெருப்பும் அங்கே இருக்கின்றனவா என்று நாம் கேட்பதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் மீள வாரக்கணக்காயிற்று. நிலத்தடியில் நீர் இருந்தும் அதை மேலேற்ற வழியில்லாமல், வாடகைக்கு மின்பிறப்பாக்கி பிடித்து ஊர்த் தொட்டிகளை நிரப்பினார்கள். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் உள்ள நம் வீடுகளின் நிலையும் இதுவே. வாளியும் கயிறும் இருந்த இடத்தில் இன்று மோட்டார் இருக்கிறது. ஆகவே மின்வெட்டு என்பது முதலில் தண்ணீர்வெட்டு.

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குடிக்க, சமைக்க, சிக்கனமாகக் கழுவ ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்றால், வீட்டுக்கு 75 லீற்றர். 1000 லீற்றர் கூரைத் தாங்கி ஒன்று பதின்மூன்று நாள்களுக்குப் போதும். அதே தாங்கியை வழக்கம்போல் கழிப்பறைக்கும் திறந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். எச்சரிக்கை வந்தவுடன் தாங்கியை நிரப்பி, கழிப்பறைக்குச் செல்லும் குழாயை மூடிவிட வேண்டும். அதற்கு மழைநீர் போதும். நிறைந்த தாங்கி காற்றில் பறக்காது, வெற்றுத் தாங்கி பறக்கும். எனினும் கூரையை மட்டும் நம்பலாகாது. குடிநீர் மட்டும் ஆளுக்கு 3 லீற்றர் வீதம் ஒரு வாரத்துக்கு 105 லீற்றர். அதை மூடிய கலன்களில் வீட்டுக்குள்ளே வைக்க வேண்டும்.

அந்த நீர் தீர்ந்தபின் கிணற்று நீரைக் கொதிக்க வைப்பதென்றால் விறகும் எரிவாயுவும் அதிலேயே கரைந்துவிடும். 1000 லீற்றருக்கு 2.5 கிராம், அதாவது ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி, நல்ல வெளிற்றும் தூள் போதும். சிறிய வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணிநேரம் விட வேண்டும். மெல்லிய குளோரின் மணம் இருந்தால் சரி. இல்லையேல் தூள் பழையது, அல்லது நீரில் அழுக்கு மிகுதி. கலங்கல் நீரை முதலில் தெளியவைக்க வேண்டும். ஆனால் கடல்நீர் புகுந்த கிணற்றின் உப்பைத் தூளும் போக்காது, கொதிப்பும் போக்காது. அத்தகைய இடங்களில் சேமித்த நீரே கதி.

எரிபொருளுக்கு வருவோம். வீட்டுக்கொரு மின்பிறப்பாக்கி வீண்செலவு என்பது என் கருத்து. பத்து வீட்டுக்கு ஒன்று போதும். மலிவென்று மிகச் சிறியதை வாங்கி அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரு குதிரைவலு மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிறிய எந்திரம் திணறும். மோட்டார் சுழலாமல் முனகும். அப்படியே விட்டால் கம்பிச்சுருள் எரிந்துபோகும். மூன்று கேவிஏ அளவில் ஒன்றை வாங்குவதே முறை. ஒரு தாங்கி நிரம்ப ஏறக்குறைய அரைமணி என்றால், பத்து வீட்டுக்கு ஐந்து மணிநேரம். மணிக்கு ஒரு லீற்றர் அளவில் பெற்றோல் செலவாகும். வாரம் இருமுறை நிரப்பினால் 10 லீற்றர். ஆக ஒரு 20 லீற்றர் கலன் இரண்டு வாரம் தாங்கும். எந்திரத்தைத் திறந்த வெளியில்தான் இயக்க வேண்டும். அறைக்குள் அதன் புகை மணமின்றிக் கொல்லும். மோட்டாரை நேரே அதில் இணைக்க வேண்டுமேயன்றி வீட்டு மின்னிணைப்பில் செருகலாகாது. கம்பத்தில் ஏறியிருக்கும் மின்பணியாளர் உயிருக்கு அது ஆபத்து.

உணவை நான் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. ஒரு கிலோ அரிசியைக் கழுவி வடிக்க நாலைந்து லீற்றர் நீர் போய்விடும். அவலை நனைத்தால் போதும். நம் பாட்டிமார் பனையிலிருந்து செய்து வைத்த புழுக்கொடியலும் பினாட்டும் நீரும் கேளா, நெருப்பும் கேளா. மாதக்கணக்கில் கெடவும் செய்யா. முதல் மூன்று நாளுக்கு அவையும் அவல், பனங்கட்டி, பிஸ்கற், குழந்தைகளுக்கு வறுத்த சத்துமாவும் இருக்கட்டும். நெருப்பு நிலைப்பட்ட பின் அரிசி வரட்டும். நூடில்ஸ் பெட்டிக்குக் கொடுக்கும் கப்பற்கூலியில் இவை அங்கேயே கிடைக்கும்.

ஆகையால் உங்கள் குடும்பங்களுக்கு அனுப்ப நினைப்பதை ஐப்பசி பிறக்கும் முன் அனுப்புங்கள். எந்திரம் எவர் வீட்டில் இருக்கும், திறப்பு எவரிடம் என்பதைப் பத்து வீட்டாரும் அப்போதே பேசி முடிக்கட்டும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் அதை இயக்கிப் பார்க்க ஒரு பிள்ளையை நியமியுங்கள். புயல் வராவிட்டால் அந்தப் பெற்றோலைத் தை மாதத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஊற்றித் தீர்த்துவிடலாம். அடுத்த ஆண்டுக்கு வைத்தால் எந்திரம் உயிர்க்காது.