குட், வுட் போட்டால் மட்டும் மரியாதை வந்துவிடாது

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் பிளஸ் டூ படித்த மாணவி ஒருத்தி இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். ஊரில் அவள் அப்பாவுக்கு 18ஆம் தேதி இதய ஆபரேஷன் என்று முடிவானது. 15 முதல் 24 வரை லீவு வேண்டும். வார்டு மேனேஜருக்கு மெயில் போட்டாள். "நேரில் கேட்டால் தடுமாறிடுவேன், எழுதினா மரியாதையா இருக்கும்னு நினைச்சேன் சார்" என்றாள். அவள் எழுதிய வாக்கியத்தை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

"ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங் இஃப் இட் மைட் பெர்ஹாப்ஸ் பி பாஸிபிள் டு ஹேவ் அ லுக் அட் த ரோட்டா ஃபார் த தேர்ட் வீக், இஃப் யூ குட் ஃபைண்ட் த டைம்."

மறுநாள் பதில் வந்தது: "ஹேட் அ லுக். ஆல் ஃபைன்!" பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இவள் லீவு கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். ரோட்டா, அதாவது டூட்டி அட்டவணை, வெளியானபோது 17, 18, 19 மூன்று நாளும் நைட் டூட்டி. விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா பதறிப்போய், "முதல்லயே சொல்லியிருந்தா உடனே அனுப்பியிருப்பேனே" என்றாராம். அதற்குள் மாற்று ஆள் கிடைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் இவள் ஊர் வந்து சேர்ந்தாள். அப்பா நலமாக இருக்கிறார். ஆனால் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது "பாப்பா வந்துட்டாளா?" என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள்.

தப்பு யார்மேல்? அந்த மேனேஜர்மேல் இல்லை. ரோட்டாவைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது, அவர் பார்த்தார். வாக்கியத்தில் வேறெந்த வேலையும் அவரிடம் கேட்கப்படவில்லை. வாஸ், வொண்டரிங், ஜஸ்ட், இஃப், மைட், பெர்ஹாப்ஸ், பாஸிபிள், குட் என்று எட்டு மெத்தை போட்டவள், மெத்தையின்மேல் வைக்க வேண்டிய பொருளை வைக்கவில்லை. லீவு என்ற சொல்லே இல்லை, தேதி இல்லை, அப்பாவும் இல்லை.

இப்போது கொஞ்சம் இலக்கணம். கேன் என்பதன் இறந்தகால வடிவம் குட். வில் என்பதன் இறந்தகால வடிவம் வுட். "குட் யூ ஓப்பன் த டோர்?" என்று கேட்கும்போது நேற்றைய கதவையா கேட்கிறோம்? இல்லை. இங்கே இறந்தகாலம் நேரத்தைக் காட்டவில்லை, தூரத்தைக் காட்டுகிறது. கேட்பவன் ஓரடி பின்னால் தள்ளி நின்று கேட்கிறான். அதனால் மறுப்பதற்கு எதிராளிக்கு இடம் கிடைக்கிறது. இது வெள்ளைக்காரனுக்கு மட்டும் சொந்தமான வித்தை இல்லை. கடன் கேட்க வருகிறவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்" என்கிறார். வந்து எதிரில்தான் இருக்கிறார், இனிமேல்தான் கேட்கப்போகிறார். ஆனாலும் பேச்சு இறந்தகாலத்தில். அதே தூரம்தான்.

இரண்டுக்கும் சிறு வித்தியாசம் உண்டு. குட் யூ என்பது "முடியுமா" என்று கேட்கிறது. வுட் யூ என்பது "மனம் உண்டா" என்று கேட்கிறது. முதலாவதற்கு "முடியவில்லையே" என்று நோகாமல் தப்பிக்கலாம். இரண்டாவதற்கு இல்லை என்றால் "மனம் இல்லை" என்று ஆகிவிடும். அதனால் உதவி கேட்க குட் கொஞ்சம் பத்திரமானது. ஆனால் கவனியுங்கள்: இரண்டுமே ஓரடி தூரம்தான் தள்ளுகின்றன. எட்டு தடவை தள்ளினால் தெருமுனைக்கே போய்விடுவோம், நாம் பேசுவது யார் காதிலும் விழாது.

"வெள்ளைக்காரங்களே அப்படித்தானே சார் எழுதுறாங்க" என்று ஒருவன் என்னிடம் வாதாடினான். எழுதுகிறார்கள் தம்பி. "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ரைட் மீ அ ரெஃபரன்ஸ்" என்று பழைய பேராசிரியருக்கு எழுதினால் அது நல்ல இங்கிலீஷ், நானே மார்க் போடுவேன். பெரிய உதவி, அவர் மறுக்கலாம், அதனால் தூரம் தேவை. ஆனால் வாக்கியத்தின் கடைசியில் பார், ரெஃபரன்ஸ் கடிதம் எழுதித் தர வேண்டும் என்ற வேலை முழுசாக நிற்கிறது. அவர்கள் மென்மையாக்குவது கேள்வியை. நீங்கள் மென்மையாக்குவதாக நினைத்துக் கரைத்துவிடுவது கேட்கும் பொருளை.

கரைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 1990 ஜனவரி 25, நியூயார்க் வந்துகொண்டிருந்த கொலம்பியா நாட்டு ஏவியான்கா 52 விமானம். மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே காத்திருக்க வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்றார். முதல்முறை இறங்க முடியாமல் மேலே ஏறியபோது, உயரத்தைப் பற்றிய பதிலின் வாலில் எரிபொருள் தீர்கிறது என்பதையும் ஒட்டிச் சொன்னார். எமர்ஜென்சி என்ற ஒரு சொல்லை மட்டும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவே இல்லை. அவர்களும் சாதாரண வரிசைப்படியே கையாண்டார்கள். விமானம் விழுந்து, இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தச் சொல் சொல்லப்படாததை விசாரணை அறிக்கையே காரணமாகக் குறித்தது.

இன்றைய சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சியாளர்கள்மேல்தான் என் கோபம். "ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட் யூ" என்று நான் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த லீவு லெட்டரைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், அது பழைய கச்சேரி இங்கிலீஷ்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சலில் கிடந்த ஏழாம் வகுப்புப் பையன் எழுதிய அந்த லெட்டரில் என்ன காரணம், எத்தனை நாள், எந்தத் தேதி என்று மூன்றும் இருக்கும். இவர்கள் விற்கும் பளபளப்பான மெயில் மாதிரிகளில் அந்த மூன்றும் இல்லை. எனக்கும் பங்கு உண்டு. பணிவுச் சொல் விட்டால் அரை மார்க் குறைத்தேன், தேதி விட்டவனுக்கு அதற்குமேல் குறைக்கவில்லை. அந்தப் பயம்தான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மெயிலை அனுப்பும் முன் ஒரு சோதனை. எதிராளி "யெஸ்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டால், உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடுமா? கிடைக்கும் என்றால் அனுப்புங்கள். "யெஸ்" வந்த பிறகும் "எதுக்கு யெஸ்?" என்று யோசிக்க வேண்டியிருந்தால், கேள்வியே இன்னும் எழுதப்படவில்லை.

அந்த மெயிலை அவளோடு உட்கார்ந்து திருத்தினேன்: "குட் ஐ டேக் லீவ் ஃப்ரம் த ஃபிஃப்டீன்த் டு த ட்வென்டி ஃபோர்த்? மை ஃபாதர் இஸ் ஹேவிங் ஹார்ட் சர்ஜரி ஆன் த எய்ட்டீன்த். குட் யூ லெட் மீ நோ பை ஃப்ரைடே, ஸோ தட் ஐ கேன் புக் மை டிக்கெட்?" இரண்டே குட். முதலாவதற்கு "யெஸ்" என்றால் லீவு. இரண்டாவதில் பதிலுக்கும் ஒரு கெடு இருக்கிறது, கெடு ஏன் என்பதும் இருக்கிறது. இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது, யாராவது காட்டுங்கள்.

படித்துவிட்டு அவள் சொன்னாள்: "இவ்வளவுதானா சார்? இதை அன்னைக்கே சொல்லிக்கொடுத்திருக்கலாமே." சொல்லிக்கொடுத்திருக்கலாம்தான் அம்மா. அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

உங்கள் இங்கிலீஷ் வாத்தியார்