தெளிவு வந்த பிறகா வேலைப் பகுப்பு?

வாடிக்கையாளர் தமக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் டபிள்யூ.பி.எஸ். எனப்படும் வேலைப் பகுப்பை வரைய முடியும் என்பது, இணையதளம் செய்து தரும் சிறு நிறுவனங்களில் வேரூன்றிப்போன நம்பிக்கை. இது தவறு; உழைப்பையும் பணத்தையும் கரைக்கும் தவறு. தேவைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு வரும் கடைக்காரர் அரிது. அவரிடமிருந்து தெளிவை வரவழைக்கும் கருவியே இந்தப் பகுப்புதான்.

ஒரு பட்டுச்சேலைக் கடையை எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் சொல்வது இவ்வளவுதான்: “நல்லதா ஒரு வெப்சைட் வேணும். சேலையெல்லாம் தெரியணும், ஆர்டர் வரணும்.” உடனே டிசைன், கோடிங், டெஸ்டிங் என்று மூன்று கிளைகளைப் போட்டுவிடுவது வழக்கம். அவை செயல்கள், ஒப்படைக்கக்கூடிய பொருள்கள் அல்ல. கடையின் பெயரை அழித்துப் பல் மருத்துவமனையின் பெயரை எழுதினாலும் அந்தப் பகுப்பு பொருந்துகிறது என்றால், அது உரிமையாளர் சொன்னதிலிருந்து பிறந்ததே அல்ல.

பகுப்பு, முடிவில் கைமாறும் பொருள்களிலிருந்து தொடங்க வேண்டும். உச்சியில் இணையதளம். அதன் கீழ் டொமைனும் ஹோஸ்டிங்கும், பக்க வடிவமைப்பு, சேலைப் பட்டியல், ஆர்டர் வழி, ஒப்படைப்பு, திட்ட மேலாண்மை. கீழே உள்ளவற்றைக் கூட்டினால் மேலே உள்ளது முழுதாக வர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதுவே நூறு சதவீத விதி.

சேலைப் பட்டியலைப் பிரித்தால் படம், விவரம், விலை, வகை என்று வரும். 80 சேலைகள், ஒவ்வொன்றுக்கும் முழுத்தோற்றம், கரை, முந்தானை என 3 படங்கள் என்றால் மொத்தம் 240 படங்கள். யார் எடுப்பது? டிசைன், கோடிங், டெஸ்டிங் என்ற மூன்று கிளைகளில் இந்த வேலைக்கு இடமே இல்லை. தளம் தயாராகிப் படங்களுக்காகக் காத்துக் கிடப்பது இதனால்தான்.

‘ஆர்டர்’ என்ற சொல் இன்னும் ஆழமானது. வாட்ஸ்அப் பொத்தான் போதும் என்றால் அது அரைநாள் வேலை. தளத்திலேயே பணம் கட்ட வேண்டும் என்றால் பேமெண்ட் கேட்வே கணக்கு, அதற்கான கேஒய்சி ஆவணங்கள், பணம் திருப்பித் தரும் விதிமுறைப் பக்கம், கூரியர் கட்டணக் கணக்கு, இருப்புக் குறைப்பு என்று கிளை நீளும். இரண்டு கிளைகளையும் தாளில் வரைந்து உரிமையாளர் முன் வைத்தால் அவரால் எளிதில் தேர்ந்தெடுக்க முடியும். “உங்கள் தேவை என்ன?” என்ற கேள்விக்கு ஒருபோதும் கிடைக்காத பதில் அது.

இப்படிப் பிரித்து வரும் ஒரு வேலைப் பொதிக்குப் பொறுப்பாளர் ஒருவர், முடிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை, நம்பிச் சொல்லக்கூடிய நேர மதிப்பீடு ஆகிய மூன்றும் கிடைத்தவுடன் பிரிப்பதை நிறுத்தலாம். கிடைக்காத இடத்தில் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒளிந்திருக்கிறது.

சிலவற்றை அவராலும் உடனே முடிவு செய்ய முடியாது. வெளிநாட்டு விற்பனை அப்படிப்பட்டது. அதைப் பிரிக்காமல் ஒரே பொதியாக வைத்து, முடிவெடுக்க வேண்டிய தேதியைக் குறித்து, இப்போதைய விலையில் அது சேரவில்லை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.